‘ஏதோ ஒரு பறவை கத்தியது’ என்று எழுதலாமா?

கார்த்தி, தாராபுரம்

வணக்கம். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடு திருட வருகிற ஒருவன், ஒரே ராத்திரி, அவ்வளவுதான் கதை. முதல் பத்தி ஆரம்பத்தில் இப்படி இருந்தது:

“நள்ளிரவு. மாரப்பன் வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினான். வேலியெங்கும் பூக்கள் மலர்ந்திருந்தன. ஏதோ ஒரு பறவை கத்தியது. கையிலிருந்த ஆயுதத்தை இறுகப் பிடித்தபடி, மரத்தடியில் கட்டியிருந்த மாட்டை நோக்கி நடந்தான்.”

படித்த நண்பர், “இது எந்த ஊர்ல நடக்குது? பூ, பறவை, ஆயுதம், மரம், மாடு. ஒண்ணாங்கிளாஸ் சுவரில் ஒட்டின படம் மாதிரி இருக்கு” என்றார். சரி என்று உட்கார்ந்து பெயர்களைப் போட்டேன்:

“மாரப்பன் கிளுவை வேலியைத் தாண்டிக் கொரங்காட்டுக்குள் இறங்கினான். வேலியெங்கும் செங்காந்தள் பூத்திருந்தது. வானம்பாடி ஒன்று பாடியது. கொடுவாளை இறுகப் பிடித்தபடி, வெள்வேல், ஊஞ்சை, வேம்பு மரங்களைக் கடந்து, கொழுக்கட்டைப் புல்லை மிதித்துக்கொண்டு, கட்டியிருந்த மயிலைக் காளையை நோக்கி நடந்தான்.”

இப்போது அதே ஆள் “நர்சரி விலைப்பட்டியல்” என்கிறார். பொதுச்சொல் போட்டாலும் தப்பு, பேர் போட்டாலும் தப்பு என்றால் என்னதான் செய்வது?

சுதா, சிங்காநல்லூர்

நான் உங்கள் முதல் பத்தியின் பக்கம். எனக்குக் கிளுவையும் தெரியாது, கொழுக்கட்டைப் புல்லும் தெரியாது. கொழுக்கட்டை என்றதும் பிள்ளையார் சதுர்த்திதான் ஞாபகம் வருகிறது. கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே இந்தக் கதி. திருடன் பிடிபடுவானா மாட்டானா என்று படிக்க வந்தவளுக்கு எதற்குத் தாவரவியல்?

சென்னிமலை சிவா

பேர் போடுவது நல்லதுதான். ஆனால் வானம்பாடியை நடுராத்திரியில் பாட விடலாமா? அது பகல் பறவை. கௌதாரி என்று போடுங்கள். கௌதாரியைத்தான் ஆள்காட்டி என்றும் சொல்வார்கள். தரையில் முட்டை வைக்கும், ஆள் வந்தால் கத்தும்.

காட்டு வாத்தியார்

தம்பி கார்த்தி, நான் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளகோவில் பக்கம் எட்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி. கதை நடப்பது எந்த மாசம்? அன்றைக்கு நிலா உண்டா?

கார்த்தி, தாராபுரம்

பங்குனி, ஐயா. திருடியதைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் விற்கப் போகிறான், அதனால் பங்குனி. தேய்பிறை தசமி என்று வைத்திருக்கிறேன். நள்ளிரவில் இருட்டாக இருக்கும், நிலா கிளம்ப இரண்டு மணிக்கு மேல் ஆகிவிடும்.

காட்டு வாத்தியார்

நிலாக் கணக்குச் சரி. இப்போது உங்கள் பத்தியில் நடந்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பங்குனியில் கிளுவையில் ஒரு இலை இருக்காது. சாம்பலும் பச்சையுமாக வெறும் குச்சியும் முள்ளும்தான் நிற்கும். மழை விழுந்த பிறகுதான் தளிர் வரும். செங்காந்தளோ ஆடி ஆவணி மழைக்கு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, மாசிக்குள் காய் முற்றிக் கொடி காய்ந்து போயிருக்கும். பங்குனியில் அது மண்ணுக்குள் கிழங்காகத் தூங்குகிறது. சரி, பூவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், நிலா இல்லாத இருட்டில் அதன் நிறத்தை மாரப்பன் எப்படிப் பார்த்தான்? ராத்திரியில் பூ கண்ணுக்கு வராது, மூக்குக்குத்தான் வரும். பங்குனி ராத்திரியில் கொரங்காட்டுக்குள் போனால் முதலில் வருவது வேப்பம்பூ வாசம். ஊஞ்சையையும் கொழுக்கட்டைப் புல்லையும் அங்கே தேட வேண்டியதில்லை, வேம்பு ஒன்றே போதும்.

அடுத்தது மாடு. கொரங்காட்டில் மாட்டை மரத்தடியில் கட்டி வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, கடவில் முள்ளுப்படல். கட்டுத்தறி வேண்டாம் என்பதற்காகத்தானே அத்தனை வேலியும்! ராத்திரியும் மாடு உள்ளேயே மேய்ந்துவிட்டு, அலுத்தால் மரத்தடியில் படுத்து அசை போடும். ஆகவே உங்கள் ஆள் வேலியைத் தாண்டி வந்து பிரயோசனம் இல்லை. அவன் தாண்டலாம், மாடு தாண்டாது. முதலில் படலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ‘வேலி’ என்று பொதுவாக எழுதியபோது இந்தச் சிக்கல் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ‘கிளுவை, படல்’ என்று எழுதியதும் கதையே மாறுகிறது பாருங்கள்.

இன்னொன்று, காளையா எருதா? பொலிகாளை என்றால் அன்னியன் கிட்டப் போனாலே தலையைத் தாழ்த்தி மண்ணைச் சீய்க்கும். அதை ராத்திரியில் ஓட்டிப் போவதாக எழுதினால் எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். காயடித்து ஏரில் பழகின எருது என்றால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்ததும் பின்னால் வந்துவிடும். கருத்த திமிலும் கருத்த கழுத்தும் பொலிகாளைக்கு. எருது வெளுத்த சாம்பலாக இருக்கும், இருட்டிலும் கொஞ்சம் தெரியும்.

குட்டையோரம்

பறவை பற்றி மட்டும் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன்.

சிவா பாதி சரி. கௌதாரியும் ஆள்காட்டியும் இரண்டுமே தரையில்தான் முட்டை வைக்கும். ஆனால் ஒன்றல்ல. கௌதாரி கோழிச் சாதி. காலையிலும் சாயங்காலமும் கத்தும், இருட்டினால் முள்மரத்திலோ புதரிலோ ஏறி அடைந்துவிடும். கால் பட்டால் விர்ரென்று கிளம்பும், அவ்வளவுதான். ஆள்காட்டி நீளக் காலோடு வெட்டவெளியில் நிற்கிற பறவை. ராத்திரியும் தூங்காது. ஒரு ஆளோ நாயோ நரியோ நடமாடினால் மேலே கிளம்பி, வட்டமடித்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி விட்டு விட்டுக் கத்தும். பங்குனி என்றால் முட்டைக் காலமும் ஆரம்பம். வெறும் தரையில் கூழாங்கல் நடுவே நாலு முட்டை. அந்தப் பக்கம் கால் வைத்தால் விடவே விடாது.

கார்த்தி, உங்களுக்கு இது பெரிய வசதி. ‘ஏதோ ஒரு பறவை கத்தியது’ என்றால் அது வெறும் ஓசை. ‘ஆள்காட்டி கத்தியது’ என்றால் சாளையில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கும் காட்டுக்காரர் கண் விழித்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும், மாரப்பனுக்கும் தெரியும்.

நான் ஒரு பேரைச் சோதிக்கிற விதம் இதுதான்: அதை எடுத்துவிட்டு மறுபடியும் ‘பறவை’ என்று போட்டுப் பார்ப்பேன். வாக்கியத்தில் ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தப் பேர் அங்கே சும்மா நிற்கிறது. உங்கள் வானம்பாடி அப்படிச் சும்மா நிற்கிறது. அதே சமயம், வானம்பாடி ராத்திரியில் பாடாது என்று சிவா சொன்னதும் முழுக்கச் சரியில்லை. நம் தரிசுகளில் இருக்கும் ஒரு வகை நல்ல நிலா வெளிச்சத்தில் எழும்பிப் பாடும். உங்கள் கதையில்தான் நிலா இல்லையே.

சென்னிமலை சிவா

எங்க தாத்தா இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வார். அவர் சொன்னது தப்பா?

குட்டையோரம்

உங்கள் தாத்தாவோடு நான் சண்டைக்கு வரவில்லை. கதையில் உங்கள் தாத்தா பேசினால் அவர் சொன்னபடியே எழுதுங்கள். கதை சொல்கிறவர் பேசும்போது அது அவர் பொறுப்பு.

ஈரோடு ரமேஷ்

நல்ல விவாதம். கிளுவை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். பெருந்துறை பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறேன். கம்பி வேலி போட்டால் கட்டுபடி ஆகவில்லை. கிளுவைப் போத்து எங்கே கிடைக்கும்? ஒரு நர்சரியில் கேட்டேன், பேரே தெரியாமல் குரோட்டன்ஸ் கொடுத்தார்கள்.

காட்டு வாத்தியார்

ரமேஷ், நர்சரியில் கிடைக்காது. பழைய வேலி வைத்திருக்கிறவர் வேலி கழிக்கும்போது கேட்டு வாங்குங்கள், சும்மாவே கொடுப்பார்கள். மழைக்கு முன்னே நட்டுவிடுங்கள். நெருக்கி நட வேண்டும், நடுவில் ஆட்டுக்குட்டி நுழையாத அளவுக்கு.

மூலனூர் நல்லம்மா

செங்காந்தள் என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து வந்தேன். நாங்கள் ஏழெட்டு வருசம் அதைத்தான் வெள்ளாமை வைத்தோம். எங்கள் ஊரில் ஒருத்தர் வாயிலும் செங்காந்தள் என்று வராது. கண்வலிக்கிழங்கு. காட்டைக் கண்வலிக்காடு என்போம். வியாபாரி வந்தால் ‘கண்வலி விதை என்ன விலை போவுது’ என்றுதான் கேட்போம். விதை மருந்துக்குப் போகிறது. கிழங்கு விசம், ஆடு மாடு பக்கம் போட மாட்டோம்.

‘பூத்திருந்தது’ என்று நீங்கள் ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். எங்களுக்கு அந்த நாப்பது அம்பது நாளும் இடுப்பொடிகிற வேலை. விரிகிற அன்றைக்குப் பூ சிவப்பாக இருக்காது. பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் நுனியில் சிவப்பு ஏறும், நாலைந்து நாளில் முழுக்கச் செவந்துவிடும். அதில் சூல்முடித் தண்டு நேராக நிற்காமல் பக்கவாட்டில் மடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தம் தானாக அதில் விழுவது கொஞ்சம்தான். அதனால் விடிகாலையில் பனியோடு போய், ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் கையால் தொட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் பிரயோசனம் இல்லை. எந்தப் பூவைத் தொடணும், எதைத் தொட்டாச்சு என்று நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். முழுக்கச் செவந்ததை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். நீங்கள் எல்லாரும் படம் எடுப்பது அதைத்தான்.

சுதா, சிங்காநல்லூர்

அக்கா, இப்போது எனக்கு அந்தப் பூ தெரிகிறது. நீங்கள் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், பெயரா முக்கியம், பார்த்த விதமா?

குட்டையோரம்

இரண்டையும் பிரிக்க முடியுமா என்று தெரியவில்லை சுதா. பேர் தெரியாமல் அக்கா அந்த நிறத்தைப் பார்த்திருப்பாரா? நான் ஆள்காட்டியைச் செம்மூக்கு ஆள்காட்டி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி என்று பிரிப்பேன். செம்மூக்கு தண்ணீர் பக்கம், அதுதான் பெருங்கூச்சல். மஞ்சள்மூக்கு வறண்ட மேட்டில் இருக்கும், குரல் சன்னம். ஆனால் மாரப்பனுக்கு இரண்டும் ஆள்காட்டிதான். அவன் கதையில் ‘செம்மூக்கு ஆள்காட்டி’ என்று எழுதினால், திருட வந்தவன் கழுத்தில் பைனாகுலர் தொங்குகிற மாதிரி இருக்கும். பார்க்கிறவன் எந்த அளவுக்குப் பிரிப்பானோ அதோடு நிறுத்திவிடலாம். மாட்டில் அவன் நம்மைவிட நுணுக்கமாகப் பிரிப்பான், பறவையில் நம் அளவுக்கு மாட்டான்.

காட்டு வாத்தியார்

நல்லம்மா சொன்னதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. கதைசொல்லி ஊர்க்காரனாக இருந்தால் கண்வலி சரி. எல்லாக் கதையையும் ஊர்க்காரனே சொல்ல வேண்டும் என்று சட்டமா? காந்தள் சங்கப் பாட்டில் இருக்கிற பேர், நம் மாநிலப் பூ. அதைக் கதைசொல்லி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மூலனூர் நல்லம்மா

விட்டுக்கொடுக்கச் சொல்லலீங்க வாத்தியாரே. காந்தள் என்று எழுதினால் படிக்கிறவர் மலையையும் காதலியையும் நினைப்பார். கண்வலி என்றால் கடனையும் விதை விலையையும் நினைப்போம். எது வேண்டும் என்று எழுதுகிறவர்தான் சொல்லணும்.

சங்ககிரி வாசகன்

குறுக்கே வருகிறேன். நான் தீரன் சின்னமலை காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். அதில் அவருடைய ஆட்கள் சீமைக்கருவேலங்காட்டில் ஒளிந்திருக்கிற காட்சி ஒன்று வருகிறது. பெயர் துல்லியமாகத்தானே இருக்கிறது?

காட்டு வாத்தியார்

பேர் துல்லியம், காலம் தப்பு. சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805. சீமைக்கருவேல் இந்தியாவுக்கு வந்ததே அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான், பேரிலேயே ‘சீமை’ இருக்கிறதே. வெள்வேலங்காடு என்று மாற்றுங்கள். ஒளிய அந்த அளவுக்கு அடர்த்தி கிடைக்காது. ஆகவே ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓடைக்குள் இறக்குங்கள்.

கார்த்தி, தாராபுரம்

எல்லோருக்கும் நன்றி. கொடுவாள் பற்றி யாரும் சொல்லவில்லையே, அது சரிதானா?

காட்டு வாத்தியார்

கொடுவாள் நம் ஊர்ச் சொல்தான், ஆனால் அவனுக்கு எதற்கு? மரம் வெட்டவா வந்தான்? கையில் கொடுவாள் இருந்தால் அவன் ஆளை வெட்டப் போகிறான் என்று படிக்கிறவர் காத்திருப்பார். மாடு திருட வருகிறவனுக்கு வேண்டியது வேறு. படலைச் சாத்தியிருக்கும் முள்ளைக் கையால் தள்ள முடியாது, கவைக்கோல் வேண்டும். நுனி இரண்டாகப் பிரிந்த நீளக் கம்பு, வேலிக்கு முள் அடைக்கிறவர் எல்லோரிடமும் இருக்கும். அதோடு மாட்டின் கழுத்து மணி கத்தாமலிருக்க ஒரு பிடி புல்.

கார்த்தி, தாராபுரம்

திருத்தி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

“மாரப்பன் கவைக்கோலால் படல்முள்ளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஒரு மாடு நுழையும் அளவு கடவு திறந்ததும் கோலைக் கிளுவையில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். வேப்பம்பூ வாசம் தொண்டை வரை இறங்கியது. வெள்வேலடியில் வெளுப்பாக ஏதோ அசைந்தது, எருதுதான். படுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த புல்லை அதன் கழுத்து மணிக்குள் திணித்தான். தும்பைப் பிடித்து எழுப்பும்போது வாய்க்கால் பக்கமிருந்து ஆள்காட்டி கத்தியது. மாரப்பன் அசையவில்லை. அது தன்னைப் பார்த்துக் கத்தவில்லை. வாய்க்கால் மேல் இன்னொரு ஆள் வருகிறான்.”

குட்டையோரம்

கடைசி இரண்டு வரி நன்றாக இருக்கிறது. ஆள்காட்டி எந்தத் திசையில் கத்துகிறது என்று கேட்கிறவனுக்கு அவ்வளவும் தெரியும்தான். வாய்க்கால் பக்கம் என்பதால் செம்மூக்கு. சொல்ல வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும்.

காட்டு வாத்தியார்

படலைத் திறக்கும்போதே அது கத்தியிருக்குமே என்று ஒருத்தர் கேட்கலாம். வாய்க்கால் தள்ளி இருக்கிறது என்று முன்னாடியே எங்காவது வைத்துவிடுங்கள். வேப்பம்பூ ‘தொண்டை வரை’ எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

மூலனூர் நல்லம்மா

எனக்கு அதிகமாகப் படலீங்க. பங்குனியில் வாசலில் படுத்தால் அப்படித்தான் இருக்கும்.

சுதா, சிங்காநல்லூர்

படலும் கவைக்கோலும் எனக்கு முன்பின் தெரியாது, ஆனால் அவன் செய்கிறதைப் படிக்கும்போது புரிந்துவிட்டது. ‘கிளுவை’ இன்னும் தெரியாது, கோல் சாய்கிற ஏதோ ஒன்று என்ற அளவில் போதும். ‘தும்பு’தான் புரியவில்லை. கீழே குறிப்பு போடுவீர்களா?

கார்த்தி, தாராபுரம்

குறிப்பு போட எனக்கு மனசில்லை. யோசிக்கிறேன்.

சென்னிமலை சிவா

தும்பு என்றால் மாட்டின் வாலில் கட்டுகிற கயிறு, சுதா.

காட்டு வாத்தியார்

கழுத்துக் கயிறு, சிவா. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று சொல்கிறார்களே, அது இதுதான்.